‘இல்லை’ன்னு அமுக்குங்க, தம்பி!

தூத்துக்குடியில் விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்கார அண்ணாச்சிகளுக்கு ஊர் கூடி ஒரு பாராட்டு விழா எடுக்கவேண்டும். அமெரிக்காவுக்கான DS-160 படிவத்தில் ‘பாதுகாப்பு, பின்னணி’ என்று சில பக்கங்கள் வரும். தொற்றுநோய் உண்டா, போதைப்பொருள் கடத்தியதுண்டா, பயங்கரவாத இயக்கத்தில் இருந்ததுண்டா, இனப்படுகொலையில் பங்கு உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள். அண்ணாச்சி ஒரு வரியையும் வாசிப்பதில்லை. டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் இல்லை, இல்லை, இல்லை என்று அமுக்கிக்கொண்டே போவார். ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் சகல பாவங்களிலிருந்தும் கழுவப்பட்டுவிடுவான். பாவமன்னிப்புக் கூண்டில்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

அந்த வரிசையின் நடுவே ஒரு கேள்வி கிடக்கிறது. நீங்கள் எப்போதாவது, எந்தக் குற்றத்துக்காகவேனும் கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா? மன்னிப்போ, பொதுமன்னிப்போ, அதுபோன்ற வேறு நடவடிக்கையோ பின்னால் வந்திருந்தாலும் சொல்லவேண்டும். இதுதான் கேள்வி. இதற்கும் அண்ணாச்சியின் விரல் அதே பொத்தானுக்குத்தான் போகும். பையன் லேசாக இழுப்பான்: “அண்ணாச்சி, பதினெட்டுல என்னப் புடிச்சிட்டுப் போனாங்கள்லா...” அண்ணாச்சி சிரிப்பார். “அதான் கேஸ கவர்மெண்டே வாபஸ் வாங்கிட்டுல்லா? பொறவென்ன? கேக்கதுக்கு அவன் என்னத்தையும் கேப்பான். ‘இல்லை’ன்னு அமுக்குங்க, தம்பி!”

வேறு ஊராக இருந்தால் இந்தக் கேள்வி ஆயிரத்தில் ஒருவனைத்தான் தொடும். இந்த ஊரில் அப்படியில்லை. 2018 மே 22-ஆம் தேதி, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போன ஊர்வலத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்த நடவடிக்கைகளிலும் 13 பேர் செத்தார்கள். சுட்டவர்களைத் தேடுவதை விட்டுவிட்டு, சுடுபட்ட ஊரைத் தேடியது காவல்துறை. தெருத் தெருவாக வேன் வந்தது. வேலைக்குப் போய்த் திரும்பியவன், மருந்து வாங்கப் போனவன், வீட்டு வாசலில் நின்றவன் என்று கையில் அகப்பட்ட இளவட்டங்களை எல்லாம் அள்ளினார்கள். பலரை வல்லநாட்டில் இருக்கும் காவல்துறையின் துப்பாக்கி சுடும் தளத்தில் கொண்டுபோய் அடைத்து அடித்தார்கள். முதல் தகவல் அறிக்கைகளில் நாலைந்து பெயரை எழுதி, ‘மற்றும் பெயர் தெரியாத பலர்’ என்று முடித்தார்கள். அந்தப் ‘பலர்’ என்ற பையில் யாரை வேண்டுமானாலும் பிறகு போட்டுக்கொள்ளலாம். என்ன வசதி!

மூன்று வருஷம் கழித்து, 2021 மே மாதத்தில், நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, புதிய அரசு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சிபிஐக்குப் போனவை, சொத்துச் சேதம் தொடர்பானவை தவிர்த்து. கைதாகிக் காயம்பட்டவர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம். படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று தரப்படும் என்ற வாக்குறுதி வேறு. நல்லது. ஆனால் ஒரு விஷயத்தை எந்த மேடையிலும் யாரும் இந்தப் பையன்களுக்குச் சொல்லவில்லை. வழக்கைத்தான் அரசு திரும்பப் பெற முடியும், கைதை முடியாது. போலீஸ் வேனில் ஏறிய அந்த நாள் நடந்த நாள்தான். அமெரிக்கப் படிவம் கேட்பது அந்த நாளை. நீ குற்றவாளியா என்று அது கேட்கவே இல்லை.

கைதானது கேவலம் என்று நினைத்து மறைப்பவர்கள் ஒருமுறை துறைமுகத்துப் பெயர்ப்பலகையைப் பார்க்கட்டும். 1908-இல் கைதாகி, இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் வெளியே வந்த ஒரு மனிதரின் பெயர்தான் அதில் இருக்கிறது. தண்டனையால் பறிபோன வக்கீல் சன்னதைப் பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் திரும்பப் பெற்றார் வ.உ.சி. அந்த நன்றிக்குத் தன் பிள்ளைக்கே வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அவர் இன்று அண்ணாச்சி கடைக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? “ஐயா, செக்கு இழுத்ததெல்லாம் எதுக்கு? ‘இல்லை’ன்னு போட்டுருவோம்.”

சரி, ‘இல்லை’ என்று அமுக்கினால் என்னதான் ஆகும்? ஒரு பையனை வைத்துப் பார்ப்போம். பெயர் வேண்டாம், திரேஸ்புரம் பக்கத்துப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வயசு 19. இரண்டு நாள் உள்ளே இருந்தான், ஜாமீனில் வந்தான், 2021-இல் வழக்கு போய்விட்டது. பிறகு ஜிபி ரேட்டிங் படித்து, சிடிசி வாங்கி, கப்பலுக்குப் போகத் தயாராகிறான். கம்பெனி அமெரிக்காவின் C1/D விசா கேட்கிறது. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பலில் அது இல்லாதவனை ஏற்ற மாட்டார்கள். அண்ணாச்சி அமுக்கினார். சென்னைத் துணைத் தூதரகத்தில் இரண்டு கேள்வி கேட்டு விசாவைக் கொடுத்தும் விட்டார்கள். பார்த்தீரா, எவன் கண்டுபிடிச்சான் என்று அண்ணாச்சிக்கு மீசை துடிக்கிறது.

ஐந்து வருஷம் ஓடுகிறது. பையனுக்குக் கனடாவில் வேலை வருகிறது. இந்தமுறை ஒழுங்கான வக்கீல் ஒருவர் படிவத்தை வாசித்துக் காட்டுகிறார். எந்த நாட்டிலாவது கைதானதுண்டா என்று கனடாவும் கேட்கிறது. பையன் உண்மையைச் சொல்கிறான். இப்போது ஒரு நாட்டின் கோப்பில் ‘இல்லை’, இன்னொரு நாட்டின் கோப்பில் ‘ஆம்’. இந்த நாடுகளும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் விரல்ரேகையைக் கொண்டு ஒருவருக்கொருவர் கோப்பைக் கேட்டுப் பார்த்துக்கொள்கிறவர்கள். அடுத்தமுறை C1/D புதுப்பிக்கப் போகையில் அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்கலாம். அவர் கேட்காவிட்டாலும் பையனுக்கு அங்கே தப்ப வழியில்லை: பழைய பொய்யைத் திரும்ப எழுதினால் கனடாவோடு முரண், உண்மையை எழுதினால் தன் பழைய படிவத்தோடு முரண். தூத்துக்குடி காவல் நிலையத்துக் கோப்பை வாஷிங்டனில் உட்கார்ந்து எவனும் புரட்டவில்லை. அவன் விரல்ரேகையோடு சேர்ந்து கிடக்கும் அவனுடைய தாள்தான் அவனைப் பிடித்தது.

வயிற்றெரிச்சல் இதற்கு மேல்தான் இருக்கிறது. போராட்டத்தில் கைதாகி, தண்டனை எதுவும் இல்லாமல் வழக்கு முடிந்தவனை, அந்தக் கைதுக்காக மட்டும் நுழையத் தகுதியில்லாதவன் என்று தள்ள அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் தடவையே ‘ஆம்’ என்று அமுக்கியிருந்தால் ஒரு கட்டம் திறக்கும். என்ன நடந்தது என்று நாலு வரி எழுதலாம். நீதிமன்றத் தாள் கொண்டுவா என்று சில வாரம் இழுத்தடித்திருப்பார்கள். அதோடு போயிருக்கும். இப்போதோ, முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மறைத்தான் என்று அதிகாரி முடிவுகட்டினால், அந்த நாட்டின் குடியேற்றச் சட்டத்தில் 212(a)(6)(C)(i) என்ற பிரிவு பாயும். அதற்கு ஐந்து வருஷம், பத்து வருஷம் என்ற கணக்கே கிடையாது. ஆயுளுக்கும். விலக்கு கேட்டு மனுப்போட வழி உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். மறைத்தது முக்கியமான உண்மையே இல்லை என்று வாதாடவும் இடம் உண்டு. அதை வாதாடி ஜெயிக்கும்வரை கப்பல் காத்திருக்காது. இரண்டு நாள் லாக்கப்பை மறைக்கப்போய் ஆயுள் தடையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாயிற்று.

அண்ணாச்சி எங்கே? அவர் எந்தத் தாளிலும் இல்லை. DS-160-இன் கடைசிப் பக்கத்தில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கும் அவர் ‘இல்லை’ என்றுதான் அமுக்கியிருப்பார். தான் பிறந்ததையே மறுத்துவிட்டுத்தான் மற்றவன் வாழ்க்கையில் கைவைக்கிறார். “ஏஜெண்ட் போட்டது சார், எனக்குத் தெரியாது” என்று பிறகு அழுதால் எந்தத் தூதரகமும் கேட்பதில்லை. கையெழுத்து யாருடையதோ பொய்யும் அவனுடையது. கனடா நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். எடுத்தவனுக்கு முத்தும் கிடைக்கலாம், அழுகிய சதையும் கிடைக்கலாம். 1961-உடன் அந்தக் குளிப்பு நின்றுவிட்டது என்று யார் சொன்னது? அண்ணாச்சி கடையில் தினமும் நடக்கிறது ஏலம். அந்தக் காலத்து ஏலக்காரனாவது உள்ளே முத்து நிச்சயம் என்று சத்தியம் செய்யவில்லை.

கைது மட்டும்தான் என்று எண்ணவேண்டாம். முந்தைய விசா மறுப்பை மறைப்பதுதான் மாணவர்களிடம் அதிகம். ஒருத்தி கனடாவுக்குப் படிக்க விண்ணப்பித்தாள். வங்கிக் கணக்கில் பணம் வந்த வழி சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். இது சர்வசாதாரணம். அடுத்து பிரிட்டன். பிரிட்டனோ வேறெந்த நாடோ உனக்கு விசா மறுத்ததுண்டா என்று கேட்கிறான். கனடா மறுத்ததற்காகப் பிரிட்டன் மறுக்கப்போவதில்லை. வங்கித் தாள் சரியாக இருந்தால் கொடுப்பான். ஆனால் விரல்ரேகை கனடாவிடம் இருக்கிறது என்பதைக்கூட அறியாத ஒரு மேதாவி அவளுக்கு ‘இல்லை’ போட்டுக் கொடுத்தார். ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் சொன்னாள் என்று பிரிட்டன் முடிவுகட்டினால், மறுப்போடு நிற்காது. அடுத்த பத்து வருஷம் அவள் போடும் விண்ணப்பங்களும் விழும். பத்து வருஷம் கழித்து எந்தப் பட்டப்படிப்புக்குப் போவாள்? திரும்பக் கனடாவுக்கே போடலாம் என்றால் அங்கே இந்தப் பிரிட்டன் மறுப்பைச் சொல்லியாகவேண்டும். அதையும் மறைத்தால் கனடாவின் குடியேற்றச் சட்டம் 40-ஆம் பிரிவில் ஐந்து வருஷம். 2014 வரை அது இரண்டு வருஷமாக இருந்தது. நம்மைப்போன்ற சாமர்த்தியசாலிகள் கூடக்கூட ஏற்றிவிட்டார்கள். அந்த ஐந்து வருஷத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு மனுப்போடவும் முடியாது.

இதைப் படித்துவிட்டு இனி எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ போடுகிறேன் என்று கிளம்புகிறவன் இன்னொரு மடையன். ஒவ்வொரு படிவமும் கேட்பது வேறு. நம் திரேஸ்புரத்துப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் படிவம், குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா என்று கேட்கிறது. திரும்பப் பெற்ற வழக்கு நிலுவையில் இல்லை. ஆகவே ‘இல்லை’ என்பதே உண்மை. வெறும் எஃப்ஐஆர் போட்டு நீதிமன்றம் அதை இன்னும் கோப்பில் எடுக்காத நிலையும் நிலுவை ஆகாது என்று நம் உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பிரிட்டன் படிவம் தண்டனைகளையும், விசாரணைக்குக் காத்திருக்கும் கைதையும் கேட்கிறது. முடிந்துபோன கைது அதில் வராது. அமெரிக்காவும் கனடாவும் ‘எப்போதாவது’ என்று கேட்கின்றன. அங்கே ‘ஆம்’. ஒரே ஆள், ஒரே கைது. வாசிக்காமல் அமுக்கும் விரலுக்கு இது எப்படித் தெரியும்?

‘ஆம்’ போட்டபின் எழுதவேண்டியது நாலே வரி. எந்தத் தேதியில், எந்தக் காவல் நிலையத்தில், என்ன பிரிவில், எத்தனை நாள் காவல், எந்த நீதிமன்றத்தில் எப்படி முடிந்தது. போராட்டத்தின் நியாயத்தையோ ஆலையின் மாசையோ அங்கே பேசவேண்டாம். கூடவே நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். குற்றப்பத்திரிகைக்குப் பிறகு திரும்பப் பெற்ற வழக்கானால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 321-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் அனுமதி அளித்த உத்தரவு இருக்கும். எஃப்ஐஆர் நிலையிலேயே கைவிட்டதானால், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று போலீஸ் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை இருக்கும். ஏற்கெனவே பொய் போட்டுவிட்டவன், அதிகாரி கேட்பதற்கு முன் தானாகவே, முதல் வாய்ப்பிலேயே திருத்திச் சொல்லிவிட்டால் அமெரிக்க அதிகாரிகள் அதைப் பொய்யாகக் கணக்கில் எடுக்காமல் விடும் வழக்கம் உண்டு. கேட்டபிறகு திருத்தினால் அது திருத்தமல்ல, பிடிபட்டது.

இந்தத் தாளைத் தேடிப்போகும் பையனின் கதியைப் பாருங்கள். காவல் நிலையத்தில் கேட்டால் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். கோர்ட்டில் கேட்டால் எஃப்ஐஆர் எண் என்ன என்பார்கள். அது அவனுக்கு எப்படித் தெரியும்? ‘பெயர் தெரியாத பலர்’ என்ற பையில் அல்லவா அவனைப் போட்டிருந்தார்கள்! உள்ளே தள்ளும்போது ஒரே ராத்திரியில் அத்தனை பேருடைய அப்பா பெயர், வயசு, முகவரி, அங்க அடையாளம் எல்லாம் எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு, வெளியே விட்டபின் ஆளுக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கத் தெரியவில்லை. வழக்கு வாபஸ் என்ற செய்தி மட்டும் முதல் பக்கத்தில் வந்தது. அந்தப் பத்திரிகையைக் கத்தரித்துத் தூதரகத்தில் நீட்டச் சொல்கிறீர்களா?

மீனவன் கதை இதைவிட மோசம். தருவைகுளத்துக்காரர்கள் 2023 அக்டோபரில் மாலத்தீவிலும் 2024 ஆகஸ்டில் இலங்கையிலும் பிடிபட்டார்கள். கடலில் போட்ட கோடு தண்ணீருக்குத் தெரியாது, கடற்படைக்குத் தெரியும். இலங்கையில் பிடிபட்டவர்களைச் சிறை, நீதிமன்றம், அபராதம், மிரிஹானை முகாம் என்று இழுத்தடித்துக் கடைசியில் விடுவார்கள். கடலுக்குப் போனவனிடம் பாஸ்போர்ட் ஏது? இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் என்று ஒரு தாள் தரும். அதைக்கொண்டு சென்னையில் இறங்குவான். அதிகாரிகள் சால்வை போடுவார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்கள், படம் எடுப்பார்கள். மறுநாள் காலைப் பத்திரிகையில் அவன் முகம் வரும்.

படகு போயிற்று, கடன் நிற்கிறது. வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு வருகிறான். அவசரச் சான்றிதழில் இந்தியாவுக்குத் திரும்பியதுண்டா, நாடுகடத்தப்பட்டதோ திருப்பி அனுப்பப்பட்டதோ உண்டா என்று நம் நாட்டுப் படிவமே கேட்கிறது. அண்ணாச்சி விரல் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஊரே பத்திரிகையில் பார்த்த ஒன்றை ‘இல்லை’ என்று எழுதித் தந்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொள்வார். பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவில் அதற்கு இரண்டு வருஷம்வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். 10-ஆம் பிரிவில் கொடுத்த பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொள்ளலாம். கோடு தாண்டிய மீனவனுக்குப் பாஸ்போர்ட் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ‘ஆம்’ என்று எழுதினால் விவரம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

‘ஆம்’ என்று போட்டவுடன் படிவம் கேட்கும் விவரம் என்ன தெரியுமா? அவசரச் சான்றிதழின் எண், கொடுத்த தேதி, கொடுத்த இடம். ஒருவழிப் பயணத்துக்கான அந்தத் தாள் விமான நிலையத்தோடு அவன் கையை விட்டுப் போய்விட்டது. எண்ணை அவன் எங்கே போய்த் தேடுவான்? அழைக்க வந்த மீன்வளத்துறை ஐயாமாரே, அடுத்தமுறை சால்வையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கையில் ஒரு செல்போன் இருக்கிறதே, அவன் முகத்தைப் படம் எடுக்கும் அதே செல்போன், அதை அந்தத் தாளின்மேல் ஒருமுறை காட்டி, அவன் பெஞ்சாதி நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்.